ஹட்டனில் இரண்டு லொறி, ஐந்து கடை: எந்தக் கடையை எந்த லொறியில் போடுவது?

"தம்பி, நோர்வூட்டு போற வழிதானே, இறக்கிட்டுப் போயிருவோம்." எங்கள் மூத்த சாரதி அண்ணன் பல வருஷமாகச் சொல்லி வந்த பேச்சு இது. ஹட்டனில் உள்ள எங்கள் கடையிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் லொறி நோர்வூட்டைத் தாண்டித்தான் போகிறது, அப்படியானால் நோர்வூட் சரக்கையும் அதிலேயே ஏற்றுவதுதானே முறை? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், அந்த ஒரு பழக்கத்தால் தினமும் மூன்றாவது லொறி ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது.

இந்தக் கணக்குக்கு ஆங்கிலத்தில் வெஹிக்கிள் ரூட்டிங் ப்ராப்ளம் என்று பேர், நாம் வாகனப் பாதைச் சிக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடை, அங்கிருந்து கிளம்பித் திரும்பி வரும் சில லொறிகள், ஒவ்வொரு லொறிக்கும் ஏற்றக்கூடிய அளவு, சரக்குக் கேட்கும் பல இடங்கள். எந்த இடத்தை எந்த லொறியில் போட்டு, எந்த வரிசையில் போனால் மொத்த ஓட்டம் குறையும்? 1959இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு பேர் பெற்றோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் லொறிகளை வைத்து இதை முதலில் கணக்காக எழுதினார்கள்.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஒரே லொறி, 15 கடை என்றாலே போகக்கூடிய வரிசைகள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடிக்கு மேல். அதில் லொறிகளைப் பிரிப்பதும் சேர்ந்தால் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துச் சிறந்ததைத் தேடுவது நடக்காத காரியம். அதனால் மிகச் சிறந்ததை விட்டுவிட்டு, சீக்கிரம் கிடைக்கிற நல்ல விடை ஒன்றைத் தரும் முறைகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது 1964இல் கிளார்க், ரைட் இருவரும் வெளியிட்ட சேமிப்பு முறை. காகிதமும் பேனாவும் போதும்.

முதலில், ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி லொறி போய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள், வீண்தான், ஆனால் ஆரம்பம் அங்கேதான். இப்போது இரண்டு கடைகளை ஒரே லொறியில் சேர்த்தால் என்ன மிச்சமாகும் என்று பாருங்கள். முதல் கடையிலிருந்து ஹட்டனுக்குத் திரும்பும் ஓட்டம் இல்லை, ஹட்டனிலிருந்து இரண்டாவது கடைக்குப் போகும் ஓட்டமும் இல்லை, பதிலுக்கு இரண்டு கடைக்கும் நடுவே ஒரு ஓட்டம் வருகிறது. அவ்வளவுதான்:

```
s(i,j) = d(0,i) + d(0,j) - d(i,j)
```

0 என்பது லொறி கிளம்பும் நமது ஹட்டன் கடை, i, j என்பவை சரக்கு இறக்கும் இரண்டு கடைகள், d என்பது ஓட்ட நேரம், s என்பது மிச்சமாகும் நேரம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், நம் பக்கம் கிலோமீற்றரை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நிமிஷத்தை வையுங்கள். வளைவும் ஏற்றமும் பனிமூட்டமும் உள்ள பாதையில் ஐந்து கிலோமீற்றருக்கும் ஐந்து கிலோமீற்றருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சாரதியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து ஒரு வாரம் நேரம் எழுதச் சொல்லுங்கள், அதைவிட நல்ல அட்டவணை கிடைக்காது.

எங்கள் கொப்பியில் ஹட்டனிலிருந்து கொட்டகலைக் கடைக்கு 15 நிமிஷம், தலவாக்கலைக்கு 40, நோர்வூட்டுக்கு 25, மஸ்கெலியாவுக்கு 50, பொகவந்தலாவைக்கு 53. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே 25, நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா 25, பொகவந்தலாவ 28. மஸ்கெலியாவிலிருந்து பொகவந்தலாவைக்கு எங்கள் லொறி நோர்வூட் வந்துதான் போகும், ஆக 53. கொட்டகலைப் பக்கத்திலிருந்து நோர்வூட் பக்கம் போவதென்றால் ஹட்டன் வழிதான். தனித்தனியாகப் போய் வந்தால் மொத்தம் 366 நிமிஷம்.

ஐந்து கடைக்குப் பத்துச் சோடி. சேமிப்பைக் கணக்கிட்டால் நோர்வூட்-மஸ்கெலியா 50, நோர்வூட்-பொகவந்தலாவ 50, மஸ்கெலியா-பொகவந்தலாவையும் அதே 50, கொட்டகலை-தலவாக்கலை 30. மிச்ச ஆறும் பூச்சியம்.

மூன்றும் 50 என்று வந்ததைப் பார்த்து முதலில் நான் எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. மலைப் பாதை மரக்கிளை மாதிரிப் பிரிவது, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் குறுக்கே தாவ முடியாது, ஆகவே இரண்டு கடைகளைச் சேர்த்தால் மிச்சமாவது ஹட்டனிலிருந்து இரண்டுக்கும் பொதுவாக வரும் பாதையின் இரு மடங்கு. நோர்வூட் வரை 25 நிமிஷம் பொது, அதன் இரு மடங்கு 50. கொட்டகலை வரை 15, இரு மடங்கு 30. கொழும்பு மாதிரி குறுக்குத் தெருக்கள் நிறைந்த ஊரில் இவ்வளவு துப்புரவாக வராது.

அடுத்த படி, சேமிப்பைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மேலிருந்து ஒவ்வொரு சோடியாகச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். சேர்ப்பதற்கு மூன்று நிபந்தனை உண்டு. இரண்டு கடையும் ஏற்கெனவே ஒரே லொறியில் இருக்கக் கூடாது. இரண்டும் தத்தம் லொறியின் ஓட்டத்தில் முதல் கடையாகவோ கடைசிக் கடையாகவோ இருக்க வேண்டும், நடுவில் மாட்டிய கடையைப் பிடித்து இழுக்க முடியாது. சேர்த்த பிறகு சுமை லொறியின் அளவைத் தாண்டக் கூடாது.

எங்கள் பட்டா லொறிக்கு 18 மூட்டை. அன்றைய ஓடர்: கொட்டகலை 5, தலவாக்கலை 7, நோர்வூட் 6, மஸ்கெலியா 8, பொகவந்தலாவ 9.

அண்ணன் சொன்னபடி நோர்வூட்டையும் மஸ்கெலியாவையும் சேர்த்தால் 14 மூட்டை. பொகவந்தலாவையின் 9 அதில் ஏறாது. கொட்டகலை-தலவாக்கலை லொறியில் 12 இருக்கிறது, அங்கும் ஏறாது. ஆக மூன்று லொறி. இனி, சமமாக நின்ற மூன்று சோடியில் மஸ்கெலியா-பொகவந்தலாவையை எடுங்கள்: 17 மூட்டை, லொறி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. நோர்வூட்டின் 6 தனியாக நிற்கிறது, கொட்டகலை-தலவாக்கலையின் 12உடன் போட்டால் சரியாக 18. அங்கே நேரச் சேமிப்புப் பூச்சியம்தான், ஆனால் ஒரு லொறி வீட்டில் நிற்கிறது. ஒன்று 156 நிமிஷம், மற்றது 130, மொத்தம் 286.

மூன்று லொறி எடுத்தாலும் ஓட்டம் அதே 286 நிமிஷம்தான் என்பதைக் கவனியுங்கள். வெறும் நேரத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அதனால் சேமிப்பு சமமாக வந்தால் லொறியை அதிகம் நிரப்பும் சோடியை முதலில் எடுங்கள், இது எங்கள் பக்கத்து வழக்கமாகிவிட்டது. எப்போதும் சரிவரும் என்று சொல்ல மாட்டேன். இந்த முறை ஒருமுறை சேர்த்ததைப் பிரித்துப் பார்க்காது, எனவே கடைசியில் ஒன்றிரண்டு கடையை லொறி மாற்றி வைத்துக் கையால் ஒருமுறை சரிபாருங்கள்.

மஸ்கெலியா லொறி நோர்வூட்டில் நிற்காமல் போவதை அண்ணன் ஏற்றுக்கொள்ளவே ரெண்டு நாள் எடுத்தது. பிறகு அவரே ஒரு திருத்தமும் சொன்னார்: நோர்வூட் மூட்டையைத் தலவாக்கலை வரை சுமந்து ஏற்றம் ஏற வேண்டாம், ஹட்டன் வழியாகத்தானே திரும்பி வருகிறோம், அப்போது ஏற்றிக்கொள்வோம் என்று. நல்ல யோசனை, இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நேரம் ரொம்ப வேறுபட்டால் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனியாக எழுதி, முதல் உறுப்பை d(i,0) என்று மாற்றிக்கொள்ளுங்கள். மண்சரிவில் பாதை அடைபட்டால் அந்த வரியின் நிமிஷத்தை மட்டும் மாற்றி, பட்டியலைத் திரும்ப அடுக்கினால் போதும், ஐந்தாறு கடைக்கு லொறி ஏற்றி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.