கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும் ஊர்க் கமிட்டி சொல்ல விரும்புவது

எல்லாத் தெரு மக்களுக்கும் வணக்கம்.

ஆவணி பிறக்கப் போகிறது. இந்த மாதம் மட்டும் நம்ம ஊரில் ஏழு கல்யாணம். பத்திரிகை வைக்க வந்த சிலர் கமிட்டி ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்னதா வச்சா ஊரு ஏதும் சொல்லுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டபோது அவர்கள் முகத்தில் இருந்த தயக்கத்தைப் பார்த்த பிறகுதான், பதிலை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஊர் ஒன்றும் சொல்லாது. சிக்கனமாகக் கல்யாணம் வைக்கிற வீட்டுக்கும் ஊர் முழுசாக வரும், முன்வரிசையில் உட்காரும், இலை எடுக்கிற வரை கூட நிற்கும்.

இது கட்டுப்பாடு இல்லை. இவ்வளவுதான் செலவு செய்யணும் என்று கமிட்டி யாருக்கும் கணக்குப் போடவில்லை. இருபது வருடம் வெளியூரில் உழைத்துச் சேர்த்து, ஒரே மகளுக்கு ஊரைக் கூட்டிச் சோறு போடணும் என்று ஆசைப்படுகிற தகப்பனை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பந்தியில் நாமும் வயிறார உட்காருவோம். பெரிய கல்யாணம் நடந்தால் சமையல்காரர், மேளக்காரர், பந்தல்காரர், பூக்கட்டுகிற அம்மாக்கள் எல்லோருக்கும் வேலை கிடைக்கிறது என்பதும் உண்மை. வசதி இருந்து, மனமும் இருந்து செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள்.

எங்கள் கவலை வேறு. மனசில் சின்னக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, பயத்தில் பெரிய கல்யாணம் செய்கிறவர்களைப் பற்றியது. பெண்ணுக்குப் போட வேண்டிய நகையை அடகு வைத்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். மீதிக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். மறுவீடு முடிந்து பெண் போன அடுத்த வாரமே தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். அதன்பிறகு தம்பியின் படிப்பு தள்ளிப்போகிறது, அம்மாவின் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது. இதெல்லாம் வெளியே தெரிவதில்லை, யாரும் சொல்வதுமில்லை. வட்டிக்கு வாங்குமுன் ஒரு தடவை கமிட்டியிடம் வந்து பேசுங்கள். பேசியது நாலு சுவருக்குள் இருக்கும்.

போன வைகாசியில் நம்ம சமுதாயக் கூடத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வாழை மரம், மாவிலைத் தோரணம், உள்ளூர் நாதஸ்வரம். காலையில் முகூர்த்தம், மதியம் ஒரே பந்திச் சாப்பாடு: சோறு, சாம்பார், அவியல், கூட்டு, ரசம், அப்பளம், பாயசம். முன்னூறு இலை. காய் நறுக்கவும் பரிமாறவும் தெருப் பிள்ளைகளே நின்றார்கள். தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு ஒரு முருங்கைக் கன்று. பெண்ணின் தாத்தா நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு, வந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். கூட்டம் அளவாக இருந்ததால் அவருக்கு அதற்கு நேரம் கிடைத்தது. நிறைவான கல்யாணம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டு போனார்கள்.

இப்படி வைக்க நினைப்பவர்களுக்குக் கூடத்தின் வாடகை ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். பாத்திரம், நாற்காலி, ஜமக்காளம் அதிலேயே அடக்கம். கோயிலிலோ வீட்டு முற்றத்திலோ தாலி கட்டுகிறவர்களும் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். சடங்கைச் சுருக்கினால் கல்யாணம் செல்லுமா என்று சிலருக்குச் சந்தேகம் வருகிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இலேயே இந்து திருமணச் சட்டத்தில் நம்ம மாநிலம் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. உற்றார், நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ செல்லும். எப்படிச் செய்தாலும் பதிவு செய்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்துக்கும் பதிவு கட்டாயம்.

அப்புறம், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வார்த்தை. செலவைச் சுருக்கலாமா என்று பெண் வீட்டார் கேட்கக் கூச்சப்படுவார்கள். முதல் பேச்சை நீங்கள் எடுங்கள். "நமக்கு ஒரு பந்தி போதும், மத்தது பிள்ளைகளுக்கு இருக்கட்டும்" என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

துட்டி வீட்டு விஷயம் இன்னும் கனமானது. கல்யாணத்துக்காவது யோசிக்க ஆறு மாதம் இருக்கும். இங்கே இரண்டு மணி நேரம். அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பில்லே இன்னும் அடைபடவில்லை. அந்த நேரத்தில் மகனைச் சுற்றி நின்று, "தேர்ப்பாடை சொல்லியாச்சா, வெடி எவ்வளவு, பிளக்ஸ் எங்க வைக்க?" என்று கேட்கிறோம். நல்ல மனசோடுதான் கேட்கிறோம். ஆனால் அழுதுகொண்டிருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான். பதினாறாம் நாள் முடிந்து கணக்கு வரும்போதுதான் அவனுக்கு எதுக்குத் தலையாட்டினோம் என்று தெரியும்.

ஆகவே இனி ஒரு சாவு என்றால், கமிட்டியில் மூத்தவர்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டுக் கேட்பார்கள். வீட்டார் ஒன்றும் சொல்லாவிட்டால் சாதாரண முறையில் நடக்கும்: மூங்கில் பாடை, நீர்மாலை, கோடி, பறை. இறந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை இதில் எதுவும் குறையாது. பூப்பல்லக்கில்தான் அப்பாவை அனுப்பணும் என்று வீட்டார் விரும்பினால் அதையும் கமிட்டியே ஏற்பாடு செய்யும். அது அவர்கள் அவர்மேல் வைத்த பாசம்.

அவசரச் செலவுக்கு ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து 10,000 ரூபாய் அன்றைக்கே கையில் தரப்படும். திருப்பித் தர வேண்டியதில்லை. வசதி உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வீட்டுக்கு ஆகும். ஐஸ் பெட்டிக்கு வாடகை கிடையாது. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். எந்தத் தெருவோ அந்தத் தெருக்காரர்கள் முறை வைத்து இட்லி, சோறு, காப்பி கொண்டுபோவோம். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலைக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377-க்கு அழைத்தால் போதும். இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்யுங்கள். இன்சூரன்ஸ், பென்ஷன், பட்டா மாற்றம் எல்லாம் அந்தச் சான்றிதழில்தான் நிற்கிறது.

சிக்கனம் என்றால் யார் கூலியிலாவது கைவைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பறை அடிக்கிறவர், குழி வெட்டுகிறவர், சமையல்காரர் இவர்களிடம் பேரம் பேசாமல் பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். சின்னக் காரியமாக இருந்தாலும் அவர்களின் வேலை அதே வேலைதான்.

இனி சொல்வது விருந்துக்குப் போகிற நம் எல்லோருக்கும். பந்தியில் எத்தனை கூட்டு என்று எண்ணாதீர்கள். இந்த வீட்டுக் கல்யாணத்தை அந்த வீட்டோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். எளிமையாகச் செய்தவரைக் கஞ்சன் என்றோ, விமரிசையாகச் செய்தவரை ஆடம்பரம் என்றோ வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். இரண்டுமே அந்தக் குடும்பத்தை நோகடிக்கும். மொய் அவரவர் கையிருப்புப்படி இருக்கட்டும். போன தடவை வந்ததைவிடக் குறைந்தால் அதை மனசில் வைக்காதீர்கள், அவர்களுக்கு இந்த வருடம் என்ன கஷ்டமோ.

கூடத்தின் தேதி கேட்பவர்கள் தினமும் மாலை 6 மணிக்கு மேல் கமிட்டி அலுவலகத்துக்கு வரலாம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் வந்து பேசுங்கள், பெண்களும் வாருங்கள்.

ஊர்க் கமிட்டிக்காக,
செயலாளர்