வம்சாவளிக்கு: ஊர் வீட்டுத் திண்ணைப் படம், நினைவிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

திண்ணைப் படத்தின் ஸ்கேனை மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அது போய்விட்டது. போன மாதம் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது; இரண்டு கடையில் காட்டினேன், இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். அசல் படம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியோடு ஊறிப்போனது உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் யாரிடமும் இல்லை. ஆளுக்கு மூன்று போன் மாற்றியாகிவிட்டது.

ஆனால் ஸ்கேன் எடுத்த வருஷம் பத்து ராத்திரி உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தூசிப்புள்ளியும் பூஞ்சைக் கறையுமாக ஒவ்வொன்றாக அழித்தவன் நான். அதனால் முகம் மறந்தாலும் மூலை முடுக்கு மறக்கவில்லை. ஞாபகம் மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன். நீங்கள் வம்சாவளியில் அடியில் போட்டிருக்கும் ‘1925’ தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

படம் கெட்டியான சாம்பல் நிற அட்டையில் ஒட்டியிருந்தது. அட்டையின் வலது கீழ் மூலையில் ஸ்டுடியோ பெயர் அச்சுக் குத்தியது. செல்லரித்து, ‘டின்னவெலி’ என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் மிச்சம். ஓரத்தில் கறுப்பு விழுந்த இடமெல்லாம் சாய்த்துப் பார்த்தால் ஈயம் பூசினது போல நீலமாக மின்னும். பழைய வெள்ளிப் பிரிண்டில் வருகிற மினுமினுப்பு அது. அதை வைத்து வருஷம் சொல்ல முடியாது, ஐம்பது வருஷத்துப் படங்கள் அப்படி மின்னும்.

எடுத்த இடம் ஸ்டுடியோ இல்லை, நம் ஊர் வீடுதான். பின்னால் ஜமுக்காளத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் திரை கட்டியிருக்கிறார்கள். கீழே பத்தமடைப் பாய். ஜமுக்காளம் அகலம் போதாமல் இடது பக்கம் நிலைக்கதவும், அதற்கு மேலே ஒரு படச் சட்டத்தின் பாதியும் தெரிகிறது. உத்தரத்துக் கொக்கியில் அரிக்கேன் விளக்கு. கரண்டு கம்பி எதுவும் கிடையாது. நம் ஊருக்குக் கரண்டு வந்ததே ரொம்பப் பின்னால் என்பதால் அதுவும் உதவாது.

நடுவில் நாற்காலியில் பூட்டன். மூடிய கழுத்துக் கோட்டு, கீழே வேட்டி, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம், கோட்டுப் பையில் வாட்ச் சங்கிலி. பக்கத்தில் பூட்டி. ரவிக்கை இல்லை, சேலைத் தலைப்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறாள். காதில் பாம்படம் தோளைத் தொடுகிறது. எல்லோரும் ‘1925’ என்று சொன்னது இந்த இருவரைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பாம்படம் பூட்டியின் வயதைச் சொல்லும், படத்தின் வயதைச் சொல்லாது. இளவயதில் காது வளர்த்துப் போட்டதை அவள் சாகிறவரை கழற்றவில்லை. ஒரு படத்தில் எது கடைசியாக உலகத்துக்கு வந்ததோ அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பின்வரிசைக்குப் போக வேண்டும். மருமகள்கள் இருவருக்கும் பஃப் கை ரவிக்கை, காதில் கம்மல். சேலை நிறத்தைப் பற்றி யாரும் ஊகம் செய்ய வேண்டாம்: அந்தக் காலத்துப் பிளேட்டுகள் பலவற்றில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். கறுப்பாகத் தெரிகிற அந்தச் சேலை கூறைப்புடவையாகவே இருக்கலாம். பெரிய தாத்தாவுக்குக் கிராப்பு, அரைக்கைச் சட்டை, இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம். அது தெரியட்டும் என்றே கையை மார்புக்குக் குறுக்கே வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சங்கிலி வாட்ச், மகனுக்குக் கைக்கடிகாரம். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் ஆண்கள் மணிக்கட்டில் கட்டுவது பரவியது.

அவருக்குப் பக்கத்தில் நிற்கிற சின்னத் தாத்தா தலையில் காந்தி குல்லா. 1920-21 ஒத்துழையாமைக்கு முன்னால் அது இருக்க வழியில்லை. ஆனால் கிராம முன்சீப் வீட்டில், முன்சீப்பே நடுவில் உட்கார்ந்திருக்கிற படத்தில், மகன் குல்லாவோடு நிற்க எந்தக் காலத்தில் விட்டிருப்பார்கள்? 1937 ஜூலையில் ராஜாஜி மந்திரிசபை வந்தது, 1939 அக்டோபரில் ராஜினாமா செய்தது. குல்லாக்காரர்களே சர்க்காராக இருந்த அந்த இரண்டேகால் வருஷம்தான் எனக்குப் பொருந்துகிறது. இது என் ஊகம், அடித்துச் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவது ஊகம் இல்லை. நிலைக்கு மேலே இருந்த பாதிச் சட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே ராஜாவும் ராணியும். ராஜா பட்டாள உடுப்பில், மார்பு நிறைய மெடல். அன்றைக்குப் பெரியம்மா மகள் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, தெலுங்குப் பட ஹீரோ மாதிரி மழமழன்னு இருக்காரு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் ராஜாவுக்குத் தாடி இல்லை என்பது எனக்குச் சத்தியமாக நினைவிருக்கிறது. 1910 முதல் 1936 ஜனவரி வரை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடியும் மீசையும் உண்டு. அடுத்து வந்த எட்டாம் எட்வர்டுக்குத் தாடி இல்லை, ஆனால் அரியணையில் இருந்த பதினொரு மாதமும் அவர் கல்யாணமாகாதவர். ராணியோடு, தாடியில்லாமல் என்றால் ஆறாம் ஜார்ஜ்தான். அவர் பட்டத்துக்கு வந்தது 1936 டிசம்பர், முடிசூட்டு விழா 1937 மே. அந்தப் படம் முன்சீப் வீட்டுச் சுவரில் ஏறியது அதற்குப் பிறகாகத்தான் இருக்க முடியும். அப்பா தலைக்கு மேல் ராஜா, மகன் தலையில் குல்லா. போட்டோக்காரர் என்ன நினைத்தாரோ.

அப்படியானால் பூட்டி மடியில் இருக்கும் குழந்தை தாத்தா இல்லை. சர்ட்டிபிகேட்டில் தாத்தாவுக்கு 1924. பாயில் வலது ஓரம், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முட்டியைக் கட்டி உட்கார்ந்திருக்கும் பையன்தான் தாத்தா. வயது பதிமூன்று, பதினான்கு மதிக்கலாம். இடது காது கொஞ்சம் வெளியே மடங்கியிருக்கும், உங்களுக்கும் அப்படித்தானே.

குழந்தையின் முகம் அசைந்து மங்கிவிட்டது. ஆனால் தலை மொட்டை, பூசிய சந்தனம் வெளுப்பாகத் தெரிகிறது. அரைஞாண், காலில் தண்டை. முன்னால் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை. மொட்டை போட்டுக் காது குத்திய அன்றைக்குத்தான் போட்டோக்காரரை வரவழைத்திருக்கிறார்கள். தாத்தாவுக்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்து பிழைத்த குழந்தை மதுரை ஆச்சி ஒருத்திதான். “நான் வெகுதானியத்துல பிறந்தவ” என்று சொல்லிக்கொண்டே இருப்பாளே, வெகுதானியம் 1938 சித்திரையில் தொடங்குகிற வருஷம். காதுகுத்து ஒரு வயதுக்குள் என்று வைத்தால் 1938 கடைசி, இல்லையென்றால் 1939.

ஆச்சியின் ஜாதக நோட்டு உங்கள் பீரோவில் பூட்டனின் பழைய கணக்குக் கட்டோடு இருந்தது. எடுத்து வருஷமும் மாசமும் பார்த்துச் சொல்லுங்கள். வெகுதானியம் இல்லாமல் பிரமாதி என்று இருந்தால் நான் சொன்னதில் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதுவரை படத்துக்கு ஒதுக்கிய பக்கத்தை வெற்றாகவே விடுங்கள், ‘1925’-ஐ மட்டும் அடித்துவிடுங்கள். பெரிய தாத்தா வழியில் தூத்துக்குடிக்காரர்களிடம் இன்னொரு பிரிண்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்