மடிப்பாக்கம் மறுவிற்பனை ஃபிளாட் புரோக்கர்: கேட்டால் மறைக்க மாட்டார், கேட்காததைச் சொல்ல மாட்டார்

ஐந்துக்கு மூன்று. புதிய புராஜெக்ட்டுக்கு இவரைத் தேடிப் போக வேண்டாம், அது இவர் களம் இல்லை. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் பத்துப் பதினைந்து வருடப் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இவர் பயன்படுவார். எதை எதை நாமே கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் மட்டும்.

டீல் இதுதான்: 2009இல் கட்டிய ஸ்டில்ட் பிளஸ் மூன்று மாடிக் கட்டடம், அதாவது கீழே தூண்களுக்கு நடுவே பார்க்கிங், மேலே மூன்று மாடி, ஆறு ஃபிளாட், மூன்றாவது மாடியில் 940 சதுர அடி, விலை 58 லட்சம். அக்ரிமென்ட் 2024 ஜூன் 12, பத்திரப்பதிவு ஆகஸ்ட் 23.

முதலில் குறைகளைச் சொல்கிற நேர்மை. கட்டடத்தைப் பொறுத்தவரை இந்த மனிதரிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. மேல்மாடி என்பதால் ஹால் வடகிழக்கு மூலையில் கசிவு உண்டு என்பதை முதல் நாளே அவராகச் சொன்னார். "ஓனர் போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சிருக்காரு சார், இப்ப பார்த்தா தெரியாது. ஒரு நல்ல மழைக்கு அப்புறம் வந்து பாருங்க." பெயிண்ட் வாசனை போகாத வீட்டில் இப்படிச் சொல்கிற புரோக்கர் அபூர்வம். மொட்டைமாடிக்கும் அழைத்துப் போய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் ஓடிய விரிசலைக் காட்டினார். தட்டோடு பெயர்ந்திருந்த இடம் சுமார் 40 சதுர அடி. அந்த விரிசல் வழியாக இறங்குகிற தண்ணீர்தான் ஹால் மூலையில் வெளிவருகிறது. உள்ளே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அது நிற்காது. இதைக் காரணம் காட்டி விலையில் 75,000 குறைத்துப் பேசவும் அவரே வழிவிட்டார். 58 லட்சம் என்பது அப்படிக் குறைந்து வந்த விலை.

வெள்ளம் பற்றியும் மழுப்பவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் "இங்க தண்ணியே நிக்காது" என்று சொல்கிறவரை நம்பக் கூடாது. 2015இல் ஸ்டில்ட்டில் முழங்கால் அளவு நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் நின்றது, ஸ்டில்ட்டுக்குள் வரவில்லை என்று தெளிவாகச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். போர் தண்ணீர் உப்பு, ஏப்ரல் முதல் ஜூன் வரை லாரித் தண்ணீர் என்பதும் கேட்டவுடன் வந்த பதில்.

கேட்காததில்தான் சிக்கல். கழிப்பறைக் குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட தளமான சங்கன் ஸ்லாப்பிலிருந்து கீழ் ஃபிளாட்டுக்குக் கசிவு இருந்தது. கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனில் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். இது புரோக்கருக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கீழ் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டதும் இவர்தான். மேலே நின்று பார்த்தால் இந்தக் கசிவு கண்ணில் படாது, கீழ்வீட்டுப் பாத்ரூம் கூரையைத்தான் பார்க்க வேண்டும். "கீழ்வீட்டுக்குக் கசிவு இருக்கா?" என்று நேராகக் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. விஷயம் தெரிந்த பிறகு அவரிடம் கேட்டதற்கு, "நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றார், சங்கடமே இல்லாமல்.

பார்க்கிங்கும் அப்படியே. விளம்பரத்தில் "கவர்டு கார் பார்க்கிங்" என்று போட்டிருந்தார். ஸ்டில்ட்டில் இடம் இருக்கிறது, உண்மை. ஆனால் இரண்டு தூணுக்கு நடுவே டேப் வைத்து அளந்தால் அகலம் 2.1 மீட்டர். கட்டட விதிகளில் ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். சின்ன ஹேட்ச்பேக் உள்ளே போகும், அதன் பிறகு டிரைவர் கதவைப் பாதிதான் திறக்கலாம். இதைவிடப் பெரிய விஷயம், விற்கிறவரின் பழைய கிரயப் பத்திரத்தில் பார்க்கிங் பற்றி ஒரு வரி கூட இல்லை. பில்டர் வாய்மொழியாகக் காட்டிய இடம் அது. அசோசியேஷனிடம் இடத்தின் எண்ணைப் போட்டு ஒரு கடிதம் வாங்கியபிறகே அக்ரிமென்ட்டில் கையெழுத்து ஆயிற்று. அந்தக் கடிதத்தை வாங்கிக் கொடுத்தது புரோக்கர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

யூடிஎஸ், அதாவது மனையில் ஃபிளாட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு, விஷயத்தில் அவர் வாட்ஸப்பில் அனுப்பிய எண் 520 சதுர அடி. மூலப் பத்திரத்தில் மனை 2,832 சதுர அடி, ஆறு ஃபிளாட்டும் ஒரே அளவு. 520ஐ ஆறால் பெருக்கினால் 3,120, மனையை விட அதிகம். பத்திரப்படி 472தான். ஏமாற்றியதாகச் சொல்ல மாட்டோம், ஓனர் வாயால் சொன்னதைச் சரிபார்க்காமல் அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். ஆனால் வருங்கால விலை முழுக்க யூடிஎஸ்ஸில்தான் இருக்கிறது என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டாமா?

காகிதத்தில் இவர் பலவீனம் வில்லங்கச் சான்றில் முழுதாகத் தெரிந்தது. இவர் கொடுத்தது 2014க்குப் பிறகான ஈசி மட்டும், சுத்தமாக இருந்தது. tnreginet.gov.in தளத்தில் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தபோது 2012இல் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் பெயரில், கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்ஓடி பதிவு இருந்தது. கடன் 2019இலேயே முடிந்துவிட்டது, நிறுவனம் கொடுத்த என்ஓசி கடிதமும் ஓனர் கையில் இருந்தது. ஆனால் கடிதம் போதாது. எம்ஓடியைப் பதிவு செய்தது போலவே, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் ஈசியில் அது தீர்ந்ததாகத் தெரியும். வாங்குகிறவரின் வங்கி அதுவரை பணத்தை விடாது, விடவும் இல்லை. கடன் நிறுவனத்தின் கையெழுத்து அதிகாரி வந்து ரசீதைப் பதிவு செய்ய ஐந்து வாரம் ஓடியது. அக்ரிமென்ட் காலம் 90 நாள், முடிவதற்கு 18 நாள் முன்புதான் பத்திரம் பதிவானது. இவரிடம் வீடு பார்க்கிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே 30 வருட ஈசியைத் தாங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை.

இனி கமிஷன். போனில் சொன்னது ஒரு சதவீதம். அக்ரிமென்ட் டிராஃப்ட் வந்த அன்று அது இரண்டானது: "லோன், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் நாமதானே பார்க்கப் போறோம்." லோனை வங்கியில் நேரடியாக ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றதும், "எல்லாரும் ரெண்டுதான் தர்றாங்க" என்று மாறியது. விற்கிறவரிடமும் தனியாக இரண்டு சதவீதம் பேசியிருந்ததைக் கடைசிவரை சொல்லவில்லை, ஓனர் வாயிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், மறைப்பதுதான் தப்பு. ஒரு சதவீதம் என்று அவரே அனுப்பிய வாட்ஸப் செய்தி இருந்ததால் பேச்சு அங்கேயே முடிந்தது. முதல் பேச்சிலேயே சதவீதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, 58,000க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 10,440 ரூபாய் கேட்டார். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கொடுங்கள் என்றதும் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே முடியாது. முழுத்தொகையும் ரொக்கமாகத்தான் வேண்டும் என்று அடம் பிடித்து, பிறகு யூபிஐயில் வாங்கிக்கொண்டார். விசிட்டிங் கார்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் இருக்கிறது, தளத்தில் தேடினால் உண்மையான எண்தான். ஆனால் 2009 கட்டடத்தின் மறுவிற்பனையில் அந்த எண்ணால் வாங்குகிறவருக்குப் பெரிய பாதுகாப்பு கிடையாது, அதைக் காட்டி அவர் பெருமைப்படுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பத்திர எழுத்தர் இவர் ஆள். "எல்லாம் சேர்த்து 32,000" என்றார், எது எதற்கு என்று பிரித்துச் சொல்லவில்லை. முத்திரைத்தீர்வை ஏழு சதவீதம் 4,06,000, பதிவுக்கட்டணம் இரண்டு சதவீதம் 1,16,000. இரண்டையும் ஆன்லைனில் நேராகக் கட்டிவிட்டால் எழுத்தருக்குக் கொடுக்க வேண்டியது எழுதும் கூலி மட்டுமே. பிரித்துக் கேட்டபோது 12,000க்கு இறங்கினார். அந்த 20,000 எங்கே போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

டிடிஎஸ் பற்றி இவர் வாயே திறக்கவில்லை. 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் விற்கிறவருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அதற்கான படிவத்தில் கட்ட வேண்டும். இது பத்திரப்பதிவு மாதத்துக்கு மட்டும் இல்லை. ஜூனில் கொடுத்த ஐந்து லட்சம் முன்பணத்துக்கான 5,000 ரூபாயை ஜூலை 30க்குள் கட்டியாக வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். நாமாகக் கேட்டபோது, "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாரு" என்பது இவர் பதில்.

டீல் முடிந்தபிறகு எப்படி? இங்கே ஒரு உத்தி வேலை செய்தது. கமிஷனை மூன்றாகப் பிரித்தோம்: அக்ரிமென்ட்டில் 20,000, பதிவன்று 18,000, மின் இணைப்பும் சொத்து வரியும் பெயர் மாறியபிறகு 20,000. கடைசி 20,000 பாக்கி இருந்தவரை மனிதர் இரண்டாவது ரிங்கில் போன் எடுத்தார். பெருங்குடி மண்டல அலுவலகத்தில் சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்குத் தாமே அலைந்தார். மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும் தனியாக 3,000 கேட்டார், அதை ஆன்லைனில் நாமே செய்துகொள்ளலாம், கொடுக்க வேண்டாம்.

பழைய ஓனர் அசோசியேஷனுக்கு 18,400 பராமரிப்பு பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பதிவுக்கு முன்பே வாங்காதது எங்கள் தப்பும் புரோக்கர் தப்பும்தான். ஆனால் ஓனரை விடாமல் துரத்தி, அக்டோபர் இறுதிக்குள் அதைக் கட்டவைத்தது இவர். இந்த வேலைக்கு எந்த வக்கீலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்க மாட்டார்.

நவம்பர் முதல் வாரம் கடைசித் தவணை போனது. கழிப்பறைக் கசிவைச் சரிசெய்ய ஆள் கேட்டு அதே வாரம் அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் நீல டிக் மட்டும்தான் வந்தது.