சட்டைக் கணக்கு

எங்கள் வீட்டில் எதற்கும் விலை சொல்வது சட்டையில்தான். அம்மாவின் மூக்குக்கண்ணாடி 9 சட்டை. கூரை ஒழுகியபோது அடைத்த செலவு 14 சட்டை. ஒரு சட்டை தைத்தால் நூலும் பட்டனும் போகக் கையில் நிற்கிற கூலி எவ்வளவோ, அதுதான் அப்பாவுக்கு ஒரு காசு. எனக்கும் அப்படியே பழகிவிட்டது. புது மெஷின் விலையைக் கேட்டதும் கடையில் நின்றபடியே வகுத்துப் பார்த்துவிட்டேன். 120 சட்டை.

எங்களிடம் இருப்பது ஒரு மெஷின், தைக்கிறவர்கள் இரண்டு பேர். அப்பா மிதிக்கும்போது நான் பட்டன் கட்டுவேன், காஜா போடுவேன். நான் உட்கார்ந்தால் அவர் வெட்டத் தொடங்குவார். வெட்டும் வேலை தீர்ந்துவிட்டால் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அவர் அப்படி நிற்பதைப் பார்த்தால் என் கால் தானாக வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அந்தப் பழைய மெஷின் தையலை விட்டுவிடும். கீழே துணியை நகர்த்துகிற பற்கள் தேய்ந்துபோய்விட்டன. தடித்த துணி வந்தால் இடது கையால் பின்னாலிருந்து இழுத்துக் கொடுக்க வேண்டும். இழுப்பு கொஞ்சம் கூடினால் ஊசி வளையும்.

கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நாலாக மடித்து, புது மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். நான் இழுக்கவில்லை. அதுவே நகர்த்திக்கொண்டு போனது. அந்தத் துண்டைப் பையில் போட்டு எடுத்து வந்தேன்.

"தவணையில எடுத்துக்கோம்மா. 24 சட்டை... அதாவது விலையில அஞ்சுல ஒரு பங்கு முன்பணம். மீதி ரெண்டு வருஷம்" என்றார் கடைக்காரர். நான் சட்டையில் எண்ணுவதைக் கேட்டு அவரும் அப்படியே சொன்னார். வட்டி எவ்வளவு என்றேன். பன்னிரண்டரை சதவீதம் என்றார். கேட்க லேசாகத்தான் இருந்தது.

அன்று இரவு அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கணக்குப் போட்டேன். முன்பணம் 24 எங்கள் டப்பாவில் அப்போதே இருந்தது. மீதி 96. அதற்கு வருஷம் பன்னிரண்டரை வீதம் இரண்டு வருஷத்துக்கு வட்டி 24. ஆக 120; மாதம் 5 சட்டை. முன்பணத்தோடு சேர்த்தால் 120 சட்டை மெஷின் 144 சட்டையாகிறது.

வேறொன்றும் உறுத்தியது. மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் குறைந்துகொண்டே வரும். ஆனால் வட்டியைக் கடைசி மாதம் வரை முழு 96-க்கும் போட்டிருக்கிறார்கள். முதல் மாதம் நான் 96 கடன்காரி, கடைசி மாதம் வெறும் 4. சராசரி பார்த்தால் என் கையில் இருக்கிற கடன் 50 சட்டைதான். 50-க்கு வருஷம் 12 வட்டி என்றால் அது பன்னிரண்டரை சதவீதமா? கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைக் கண்டுபிடித்ததும் அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றியது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சேமித்தே வாங்கினால்? அதே 5 சட்டையை மாதாமாதம் டப்பாவில் போட்டால் 20 மாதத்தில் மீதி 96-ம் சேர்ந்துவிடும். தவணையைவிட நாலு மாதம் முன்பே கணக்கு தீரும், 24 சட்டையும் மிச்சம். ஆனால் அந்த 20 மாதமும் அப்பா சாக்குக்கட்டியோடு நிற்பார். அப்படியானால் அந்த 24 சட்டை வெறும் வட்டி இல்லை. 20 மாதம் முன்னதாக மெஷின் வருவதற்கான விலை. அந்த விலை தகுமா?

நோட்டை முன்னால் புரட்டினேன். பள்ளி திறக்கிற நேரத்தில் எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலையை அப்பா ஓரத்தில் சட்டைக்கு ஒரு சின்னக் கோடு போட்டுக் குறித்திருப்பார். ஏன் குறிக்கிறார் என்று அதுவரை நான் கேட்டதில்லை. எண்ணினேன். போன சீசனில் மட்டும் 31 கோடு. இரண்டாவது மெஷின் இருந்திருந்தால் அந்த ஒரு சீசனே வட்டியை அடைத்து, மேலும் 7 சட்டை கொடுத்திருக்கும்.

தையல் மெஷினைத் தவணைக்குக் கொடுக்கிற வழக்கம் பழையது. சிங்கர் கம்பெனியின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் 1856-லேயே அதைத் தொடங்கிவிட்டார். மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்க முடியாத வீடுகளுக்கும் மெஷின் போய்ச் சேர அதுதான் வழியானது. எனக்கு அதில் நியாயம் தெரிந்தது. மற்ற பொருளுக்குத் தவணை கட்ட வெளியே போய்ச் சம்பாதிக்க வேண்டும். இது தன் தவணையைத் தானே தைக்கும்.

காலையில் அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். அவர் கோடுகளைப் பார்த்தார், 31 என்று நான் வட்டமிட்டிருந்ததையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, ஜன்னல் பக்கம் கிடந்த துணி மூட்டையை நகர்த்தினார். கீழே சிமெண்ட் தரையில் நாலு தடம், ஒவ்வொன்றும் ஒரு காசு அகலம்.

"இங்க ஒரு மெஷின் நின்னுச்சு. உனக்கு ரெண்டு வயசு. 24 தவணையில 17 கட்டிட்டேன். முதுகு பிடிச்சு படுத்துட்டேன், ரெண்டு மாசம் கட்ட முடியல. மூணாம் மாசம் வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"கட்டின 17?"

"வாடகைன்னாங்க. பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சாம். கடைசித் தவணை கட்டுற வரைக்கும் மெஷின் அவங்களுது. நான் அதைப் படிக்கல."

எந்தக் கடை என்று கேட்டேன். இப்போது இல்லாத கடை என்று மட்டும் சொன்னார். மூட்டையைத் திரும்ப அதே இடத்துக்குத் தள்ளி வைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, வீட்டில் மூட்டை வைக்க எத்தனையோ இடம் இருந்தும் ஏன் எப்போதும் அங்கேயே கிடக்கிறது என்று.

சரி, தவணை வேண்டாம், சேமிப்போம் என்று அத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அதே நோட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. டப்பாவில் போட்டதும் எடுத்ததும். நான்தான் எழுதி வந்தேன். கூட்டிப் பார்த்தால், மூன்று வருஷத்தில் டப்பாவுக்குள் போனது 130 சட்டை. இருப்பது 24. கூரைக்கு எடுத்தோம், கண்ணாடிக்கு எடுத்தோம், அம்மாவின் காய்ச்சலுக்கு எடுத்தோம். எதுவும் வீண் செலவு இல்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தோம்.

"அப்பா, ஒரு மெஷினுக்கான காசு நம்ம டப்பாவுக்குள்ள ஏற்கெனவே போயிடுச்சு. மெஷின்தான் வரல."

அவர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

தவணைக்காரன் நம் மந்த மாதத்தைப் பார்க்க மாட்டான். டப்பாவோ எல்லாவற்றையும் பார்த்து இரங்கிவிடும். இரண்டிலும் நாங்கள் தோற்றிருக்கிறோம். அதனால் எது நல்லது என்று கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் மாதங்களை வரிசையாக எழுதினேன். பள்ளி திறக்க இன்னும் 7 மாதம். அதுவரை வேலை ஒரே சீராக இருக்கும். சீசன் முடிந்தபின் இரண்டு மாதம் வெறும் கிழிசல் தைக்கிற வேலைதான்.

"ஆறு மாசம் சேர்ப்போம். மாசம் 6 சட்டை. இருக்கிற 24-ஓட 60 ஆகும், பாதி விலை. அப்புறம் போய் பாதியை முன்பணமா கட்டி, மீதி 60-ஐ ஒரே வருஷத்துல அடைப்போம். வட்டி ஏழரை சட்டைதான். சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடி மெஷின் வீட்டுல இருக்கும்."

"தவணை எவ்வளவு வரும்?"

"ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல."

"மந்த மாசத்துல?"

"சீசன்ல வர்றதுல முதல்ல ரெண்டு தவணையை எடுத்து வச்சிடுவோம். மெஷின் முழுசா நம்மளோடதாகுற வரைக்கும் அதைத் தொடறதில்ல."

இன்னும் இருந்தது. மதியம் கடைக்குப் போய், ஒப்பந்தத்தின் வெற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். எனக்காக இல்லை. அப்பா படிக்க வேண்டும் என்று. எத்தனை தவணை தவறினால் எடுத்துப்போவார்கள், முன்கூட்டியே அடைத்தால் வட்டியில் குறைப்பார்களா, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது உண்டா, இந்த மூன்று இடத்திலும் பென்சிலால் கோடு போட்டேன். முன்கூட்டி அடைப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கையெழுத்துக்கு முன் எழுதி வாங்க வேண்டும்.

அப்பா விளக்குக்குக் கீழே உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் படித்தார். துணி அளக்கிறபோது முனையைப் பிடித்துக்கொண்டு நகர்வதுபோல, வரியின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து நகர்த்தினார். படித்து முடித்ததும் கேட்டார்:

"டப்பாவை என்ன பண்றது? ஆறு மாசத்துல எவனாவது காய்ச்சல்ல படுத்தா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

நடுராத்திரியில் மெஷின் சத்தம் கேட்டது. எழுந்து வந்து பார்த்தேன். நான் கடையில் தைத்துக் கொண்டுவந்திருந்த அந்த நாலு மடிப்புத் துண்டு மேஜைமேல் இருந்தது. பக்கத்தில், கான்வாஸ் துணியில் ஒரு பை. டப்பாவிலிருந்ததை உள்ளே போட்டு, வாயை மடித்து, இரட்டைத் தையல் அடித்துக்கொண்டிருந்தார். தடித்த துணி, மெஷின் திணறியது. நான் பின்னால் போய்த் துணியை இழுத்துக் கொடுத்தேன்.

வாய் முழுதும் மூடியதும் பையைத் திருப்பி எடுத்து, நடுவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கத்தரி முனையால் கீறினார். ஊசியில் நூலைக் கோத்து என்னிடம் நீட்டினார்.

"காஜா உனக்குத்தான் நல்லா வரும். மடிச்ச ரூபா நோட்டு ஒண்ணு உள்ள போற அளவுக்குப் போடு. விரல் போகக் கூடாது."

நெருக்கமாகப் போட்டேன், ஒரு நூல் இடைவெளிகூட விடாமல். அவர் முதல் நோட்டை மடித்து அதில் நுழைத்தார். பிறகு சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். நகம் வரை போய் நின்றது.