42ஆம் பக்கம்
மனநல விழிப்புணர்வு வாரத்தில் திரையிடுவதற்கான குறும்படத் திரைக்கதை

காட்சி 1 – உள் – விடுதி அறை – இரவு

கடிகாரம் 2.40 காட்டுகிறது. மேசை விளக்கின் கீழே விரிந்திருக்கும் புத்தகத்தின் 42ஆம் பக்கத்தில், ஒரே பத்தியை மூன்று நிற மையால் அடிக்கோடிட்டிருக்கிறாள் கயல். கேமரா அவள் முகத்தை நெருங்க வேண்டாம்; மேசைக்கடியில் ஓயாமல் ஆடும் அவளுடைய கால் போதும். அறைத்தோழி தேவி விழித்துக்கொள்கிறாள்.

தேவி: நேற்றும் இதே பக்கத்தில்தானே இருந்தாய்?

கயல்: போன தேர்வில் விடை தெரிந்தும் எழுத முடியவில்லை, தேவி. கேள்வித்தாளைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்து, படித்ததெல்லாம் அழிந்துபோனது போலாகிவிட்டது. அரியர் விழுந்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆறுதல் சொல்ல வாயெடுத்த தேவி, அதை விழுங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி அருகில் அமர்கிறாள்.

தேவி: உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா?

(இயக்குநர் கவனத்திற்கு: இப்படி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. ஆகவே நடிப்பவர் குரலைத் தாழ்த்தாமல், இயல்பாகக் கேட்க வேண்டும். பின்னணி இசை கூடாது.)

கயல்: (சற்று நேரம் கழித்து) இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது.

தேவி: காலையில் ஆலோசகரைப் பார்ப்போம். நீ வெளியே வரும்வரை நான் வாசலில் இருப்பேன்.

காட்சி 2 – உள் – ஆலோசனை அறை – பகல்

ஆலோசகர்: ஆபத்து என்று உணர்ந்தவுடன் உடல் அட்ரினலினைச் சுரப்பதால்தான் நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் படித்தது அழியவில்லை. கவனம் பயத்தின் பக்கம் போய்விடுவதால், விடையைத் தேடி எடுப்பது கடினமாகிவிடுகிறது.

கயல்: அப்படியானால் இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டுமா, மேடம்?

ஆலோசகர்: முதலில் தூங்குங்கள். படித்ததை நினைவில் நிலைநிறுத்துவதில் தூக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு, அடிக்கோடிடுவதை விட்டு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருப்பதை எழுதிப் பாருங்கள். அடுத்த வாரமும் வாருங்கள். அம்மாவிடம் சொல்ல விரும்பினால், இங்கிருந்தே பேசலாம்.

காட்சி 3 – உள் – தேர்வு அறை – பகல்

கயலின் விரல்கள் நடுங்குகின்றன. பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டபின், மூன்றாம் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குகிறாள். நடுக்கம் முற்றிலும் நிற்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணைப் படத்தில் எங்குமே காட்டக் கூடாது. தேறியதால் நலம் பெற்றாள் என்று பொருள்பட்டால் இந்தப் படம் எடுத்தே பயனில்லை.

காட்சி 4 – உள் – விடுதி அறை – இரவு

கயல் உறங்கப்போகிறாள். எதிர் மேசைக்கடியில் தேவியின் கால் ஆடிக்கொண்டிருப்பதைக் கவனித்து எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் அமர்கிறாள்.

கயல்: எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்?

திரை இருள்கிறது.