பத்து நிமிடப் பேச்சு: ஸ்லைடு வரைவு (கூட்டும் வரிசையும் மாறும் விடையும்)

இரண்டு பேரும் படித்துவிட்டு ஓரத்தில் எழுதுங்கள். பேசுவது நான்தான், பத்து நிமிடம், அதற்கப்புறம் கேள்விக்கு இரண்டு நிமிடம். நம் கட்டுரை 14 பக்கம், 31 சமன்பாடு, 9 படம். அதே வரிசையில் போனால் நான்காவது நிமிடத்தில் இன்னும் குறியீடுகளை விளக்கிக்கொண்டிருப்பேன், அறையில் பாதிப் பேர் மெயில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தலைகீழாக மாற்றியிருக்கிறேன்: கட்டுரையில் 11ஆம் பக்கத்தில் வருவது இங்கே முதல் நிமிடத்திலேயே வருகிறது, தேற்றங்கள் எல்லாம் பின்னிருப்பு ஸ்லைடுகளுக்குப் போய்விட்டன.

கேட்பவர் வெளியே போகும்போது கையில் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: துல்லியமும் ஒவ்வொரு முறையும் அதே விடை வருவதும் இரண்டு தனிச் சிக்கல்கள், ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீராது. இதற்கு உதவாத எதையும் வெட்டியிருக்கிறேன்.

ஸ்லைடு 1. தலைப்பு (20 நொடி)
கட்டுரையின் தலைப்பு இரண்டு வரி நீளம், அது வேண்டாம். திரையில்: "அதே எண்கள், அதே நிரல், வேறு விடை." கீழே நம் மூவர் பெயர். நன்றி சொல்வது, நிறுவனத்தை அறிமுகப்படுத்துவது எதுவும் இங்கே இல்லை.

ஸ்லைடு 2. கண்ணால் பார்க்கட்டும் (1 நிமிடம் 10 நொடி)
திரையில் இது மட்டும், பெரிய எழுத்தில்:

```python
0.1 + 0.2 + 0.3   # 0.6000000000000001
0.3 + 0.2 + 0.1   # 0.6
```

பேச்சு: "மூன்று எண்ணுக்கே இப்படி. வரிசையை நாம் முடிவு செய்யாமல் த்ரெட்கள் முடிவு செய்யும்போது, எண்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது என்ன ஆகும்?" அவ்வளவுதான். IEEE 754 பற்றிய அறிமுகப் பத்தி (கட்டுரையில் பகுதி 2 முழுவதும்) போய்விட்டது. இந்த அமர்வுக்கு வருபவர்களுக்கு அது தெரியும், தெரியாதவர்களுக்கும் இந்த இரண்டு வரியே போதும்.

ஸ்லைடு 3. நின்றுபோகும் கூட்டல் (1 நிமிடம் 30 நொடி)
`float32`-இல் 1.0 என்ற எண்ணை 2 கோடி முறை வரிசையாகக் கூட்டினால் விடை 16777216-இல் நின்றுவிடும். அது 2²⁴. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் அந்த ஒன்று வட்டமிடுதலில் காணாமல் போகிறது, எத்தனை முறை கூட்டினாலும் அதே எண்தான். திரையில் ஒரே ஒரு கோடு, ஏறிக்கொண்டே போய் சட்டென்று படுக்கையாகிவிடுகிறது. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடித்திருக்கிறது. கட்டுரையில் இது இல்லை, பேச்சுக்காகப் புதிதாக வரைய வேண்டும். நம் முதல் லெம்மா அரைப் பக்கத்தில் சொல்வதை இது மூன்று நொடியில் காட்டிவிடுகிறது.

1991 பேட்ரியட் ஏவுகணை விபத்தை இந்த இடத்தில் சொல்லலாமே என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றே நினைக்கிறேன். அது 0.1 நொடியை 24 பிட்டில் வெட்டியதால் வந்த பிழை, கூட்டும் வரிசையால் வந்ததல்ல. உயிர்கள் போன ஒரு நிகழ்வைப் பொருந்தாத இடத்தில் எடுத்துக்காட்டாக வைக்க மனம் வரவில்லை.

ஸ்லைடு 4. மரம் (2 நிமிடம், பேச்சின் நடுப்புள்ளி)
இடப்பக்கம் சங்கிலி போல நீளும் கூட்டல், வலப்பக்கம் இரண்டிரண்டாகச் சேர்ந்து மேலே போகும் மரம். அதே 2 கோடி ஒன்றுகள் மரத்தில் சரியாக 20000000 தருகின்றன. காரணத்தை வாயால் சொல்வேன்: சங்கிலியில் ஓர் எண் கிட்டத்தட்ட 2 கோடி வட்டமிடுதல்களைத் தாண்டி வர வேண்டியிருக்கலாம், மரத்தில் 25 போதும். திரையில் சமன்பாடு கிடையாது, மூன்று வரி மட்டும்:

சங்கிலி: பிழை வரம்பு `n`-ஐப் போல வளர்கிறது
மரம்: `log2(n)`-ஐப் போல
காஹான் (1965): கிட்டத்தட்ட வளர்வதே இல்லை

காஹான் முறையை ஒரே வாக்கியத்தில் முடிப்பேன்: ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்ந்த பகுதியைத் தனியாக எடுத்துவைத்து அடுத்த கூட்டலில் சேர்த்துக்கொள்வது. மூன்று வரியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும், மொத்தமாகக் காட்டினால் நான் பேசுவதை விட்டுவிட்டு எல்லோரும் திரையைப் படிக்கப் போய்விடுவார்கள்.

ஸ்லைடு 5. துல்லியம் வந்தது, அதே விடை வந்ததா? (1 நிமிடம் 45 நொடி)
நாம் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. படம் 6, ஆனால் அதில் உள்ள ஆறு கோடுகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: காஹான், நிலையான மரம். 8 த்ரெட், 16 த்ரெட் ஓட்டங்களில் காஹானின் கடைசி பிட்கள் மாறுகின்றன, மரத்தை த்ரெட் எண்ணிக்கையைச் சாராமல் கட்டியபோது ஒரு பிட்டும் மாறவில்லை. பேச்சு: "காஹான் உண்மைக்கு அருகே கொண்டுபோகிறது. ஆனால் வேலையைப் பிரிக்கும் விதம் மாறினால் அதன் விடையும் மாறலாம். நிலையான மரத்தின் விடை உண்மையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கலாம், ஆனால் நேற்றும் இன்றும் ஒன்றே." இந்த வாக்கியத்துக்கு அப்புறம் இரண்டு நொடி நிறுத்துவேன், அவசரப்பட்டு அடுத்த ஸ்லைடைத் தள்ளாமல்.

ஸ்லைடு 6. எங்கே உடைகிறது (1 நிமிடம் 15 நொடி)
இரண்டே எச்சரிக்கை. `-ffast-math` போட்டால் கம்பைலர் கூட்டல்களை மாற்றி அடுக்க அனுமதி கிடைக்கிறது, காஹானின் திருத்தம் "எப்படியும் பூஜ்யம்தானே" என்று துடைக்கப்படலாம். அப்புறம் `[1, 1e100, 1, -1e100]`: சரியான விடை 2, காஹான் தருவது 0, நியூமையரின் திருத்திய வடிவம் 2 தருகிறது. நம் முறையின் குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: மரத்துக்கு எண்கள் ஒரே இட வரிசையில் இருக்க வேண்டும், தரவு வந்துசேரும் வரிசையே மாறும் இடத்தில் அது உதவாது. கேள்வி நேரத்தில் யாராவது கண்டுபிடிப்பதைவிட நாமே சொல்வது நல்லது.

ஸ்லைடு 7. நாளைக்கு என்ன செய்யலாம் (1 நிமிடம்)
திரையில் இரண்டு வரி. அதே விடை வேண்டுமா: மரத்தை நிலைப்படுத்துங்கள். உண்மைக்கு அருகில் வேண்டுமா: திருத்தக் கூட்டல். இரண்டும் வேண்டுமென்றால் நிலையான மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் திருத்தத்தையும் சேர்த்து மேலே அனுப்புங்கள், அதுதான் கட்டுரையின் பகுதி 5. இந்த ஸ்லைடு கேள்வி முடியும்வரை திரையிலேயே நிற்கும். "நன்றி" என்று தனி ஸ்லைடு போடவில்லை.

மொத்தம் 9 நிமிடம். மீதி ஒரு நிமிடம் மைக் தகராறுக்கும் என் வேகக் குறைவுக்கும். நேரம் மீறினால் ஸ்லைடு 6-இல் நியூமையரை விட்டுவிடுவேன், 5-ஐத் தொடமாட்டேன்.

பின்னிருப்பு (கேட்டால் மட்டும்)
அ. குறி கலந்த எண்களுக்கான பிழை வரம்பு, நிபந்தனை எண்ணோடு. தேற்றம் 2 அப்படியே.
ஆ. நேர ஒப்பீடு, படம் 8. "எவ்வளவு மெதுவாகும்?" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.
இ. "பைத்தானில் இதெல்லாம் ஏற்கெனவே இல்லையா?" `math.fsum` இருக்கிறது, 3.12 முதல் `sum()` ஃப்ளோட்களுக்குத் திருத்தக் கூட்டலைப் பயன்படுத்துகிறது, `numpy.sum` பல இடங்களில் இரண்டிரண்டாகக் கூட்டுகிறது. ஆனால் பல த்ரெட்களுக்கு வேலையைப் பிரித்தால் பகுதித் தொகைகளைச் சேர்ப்பது நம் பொறுப்பு.

முழுவதுமாக விட்டவை: முந்தைய ஆய்வுகள் பகுதி, லெம்மா 1 முதல் 3, அட்டவணை 2, GPU சோதனை. GPU-வை விடுவது உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும், அந்த வேலையைச் செய்தது நீங்கள்தான். ஆனால் அதை அரை நிமிடத்தில் சொன்னால் அதற்கும் நியாயம் செய்ததாகாது. பின்னிருப்பில் ஒரு ஸ்லைடாகப் போடலாமா, நீங்களே வரைந்து தருகிறீர்களா? புதன்கிழமைக்குள் வந்தால் வியாழன் மாலை மூவரும் கடிகாரம் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.