பயிற்சியாளர் ஐயாவுக்கு நன்றி

பாலக்கோடு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த ஆண்டுப் போட்டிகள் முடிந்துவிட்டன. நேரில் சொல்ல வந்தால் எனக்கு நா எழாது, அதனால் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் 800 மீட்டரை 2 நிமிடம் 41 நொடியில் ஓடிய என் மகள், இப்போது 2 நிமிடம் 29 நொடியில் முடிக்கிறாள். முதல் சுற்றிலேயே மூச்சையெல்லாம் செலவழித்துவிடும் பிள்ளை அவள். (அவசரம் என்னிடமிருந்து வந்தது.) "முதல் 400ஐக் கடனாக ஓடாதே, வட்டியோடு கட்ட வேண்டிவரும்" என்று நீங்கள் சொன்னதைத் தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் அவள் அப்பா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

கடைசிப் போட்டியில் நான்காவதாக வந்து அழுதாளே, அன்று நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சு இறுகிப்போன ஷூ கயிற்றை நகத்தால் அவிழ்த்துவிட்டு, ஸ்டாப்வாட்சை அவள் கையில் வைத்தீர்கள். அதில் இருந்ததுதான் அவள் ஓடியதிலேயே சிறந்த நேரம். எனக்கென்றால் பதக்கம் போன ஆத்திரம்தான் முதலில் வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

மாலையில் தருமபுரியிலிருந்து பஸ் ஏறும்வரை நிறுத்தத்தில் உடன் நின்றதற்கும் நன்றி. கேழ்வரகுக் களியை இப்போது முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள், அதையும் உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

விடுமுறையில் எத்தனை நாள் ஓய்வு என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அன்புடன்,
உங்கள் 800 மீட்டர்க்காரியின் அம்மா